கம்ப்யூட்டர் முன் கண்ணீர் வருகிறதா? இமையைக் கவனியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய மூன்றாவது மாதத்திலேயே எனக்கு மாலை நேரங்களில் கண்கள் எரியத் தொடங்கின. மானிட்டர் முன் உட்கார்ந்த அரைமணி நேரத்தில் கண்ணீர் வழியும். "யாருக்கு மெயில் அனுப்பிவிட்டு இப்படி அழுகிறீர்கள்?" என்று மனைவி கேலி செய்தார். மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்தேன், கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன். பத்து நிமிடம் சுகம், பிறகு பழைய கதைதான்.

கண் டாக்டர் மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை விட்டு, இமைக்காமல் இருக்கச் சொன்னார். நான்கே விநாடிகளில் கண்ணின் மேலுள்ள நீர்ப்படலம் உடைந்துவிட்டதாம். பத்து விநாடியாவது தாங்க வேண்டும் என்றார். பிறகு இமை ஓரத்தை அழுத்தினார். டூத் பேஸ்ட் போல வெள்ளையாக ஏதோ வந்தது. அதுதான் காரணம்.

நம் இமைகளின் ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பெயர் மெய்போமியன் சுரப்பிகள். முழுதாக இமைக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது எண்ணெய் வெளிவந்து கண்ணீரின் மேல் பரவும். நீர் ஆவியாகாமல் காப்பது இதுவே. ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் குறைவாக, அதுவும் அரைகுறையாக இமைக்கிறோம். எண்ணெய் உள்ளேயே தங்கி, மார்கழி மாதத்துத் தேங்காய் எண்ணெய் போல இறுகிவிடுகிறது. கண் உலர்ந்து உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குத்தான் கண்ணீர் கொட்டுகிறது! வெறும் நீர் போன்ற சொட்டு மருந்து எனக்குப் போதாததன் காரணமும் புரிந்தது.

உறைந்த எண்ணெயை உருக்குவது போலத்தான் வைத்தியமும். முதல் வாரம் நான் ஒரே டவலை நனைத்துப் பத்து நிமிடம் வைத்திருந்தேன். பலனில்லை. ஈர டவல் இரண்டு நிமிடத்திலேயே ஆறிவிடுகிறது. இப்போது இரண்டு சிறிய டவல்கள். ஒன்று மூடிய கண்கள் மேல், மற்றொன்று வெந்நீரில். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, மொத்தம் பத்து நிமிடம். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தால் இதமாக இருக்க வேண்டும். சுட்டால் இமைத் தோல் புண்ணாகிவிடும்.

சூடு ஆறுவதற்குள் மசாஜ் செய்ய வேண்டும். கையைக் கழுவிக் கொண்டு, கண்ணை மூடி, மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், அதாவது எப்போதும் முடி இருக்கும் விளிம்பை நோக்கி விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். மூக்குப் பக்கம் தொடங்கிக் காதுப் பக்கம் வரை, ஐந்தாறு முறை. நான் முதலில் குறுக்காகத் தேய்த்துக் கொண்டிருந்தேன், அது வீண். கண் விழியை அழுத்தவே கூடாது. கடைசியில் ஈரப் பஞ்சால் விளிம்பைத் துடைத்துவிடுங்கள். சிறிது நேரம் பார்வை மங்கலாக இருக்கலாம்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் முதலில் கழற்றிவிட வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கண்ணில் ஆபரேஷன் செய்து கொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் மசாஜ் செய்யாதீர்கள். வலி, கடும் சிவப்பு, பார்வைக் குறைவு இருந்தால் டவலோடு காலம் கடத்த வேண்டாம்.

காலை, இரவு என இரு வேளை செய்தேன். மூன்றாம் வாரம்தான் எரிச்சல் குறைந்தது. இரண்டு மாதம் கழித்துச் சோதித்தபோது நான்கு விநாடி எட்டாகியிருந்தது. தீபாவளி சமயத்தில் பத்து நாள் விட்டுவிட்டேன், எரிச்சல் திரும்பியது. இப்போது தினமும் இரவு ஒரு வேளை தொடர்கிறேன்.