நாணயமா, பட்டன் பேட்டரியா? குழந்தை விழுங்கிவிட்டால் பெற்றோர் அறிய வேண்டியவை

தவழும் பருவம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் கையில் கிடைக்கும் எதனையும் வாயில் வைத்துப் பார்ப்பது இயல்பு. அவ்வாறு விழுங்கப்படும் பொருள்களில் மிகுதியாகக் காணப்படுவது நாணயம். அதே வடிவத்தில், ஏறக்குறைய அதே அளவில் இருக்கும் மற்றொரு பொருள் பட்டன் பேட்டரி. இவ்விரண்டையும் பெற்றோர் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. நாணயத்துக்குப் பெரும்பாலும் சில மணி நேரம் பொறுத்திருக்கலாம். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடுமையான புண் ஏற்படக்கூடும்.

எனவே நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே. குழந்தை வட்டமான உலோகப் பொருள் ஒன்றை விழுங்கியுள்ளது, அது என்னவென்று உறுதியாகத் தெரியவில்லை எனில், எக்ஸ்ரே பார்க்கும் வரை அதனைப் பேட்டரி என்றே கருத வேண்டும்.

நாணயம் விழுங்கினால் என்ன ஆகும்?

நாணயம் உடலுக்குள் எந்த வேதிமாற்றத்தையும் உடனடியாக உண்டாக்குவதில்லை. அது எங்கே நிற்கிறது என்பதே கேள்வி. வயிற்றை அடைந்துவிட்டால், பெரும்பாலான நாணயங்கள் ஓரிரு வாரங்களில் மலத்துடன் வெளியேறிவிடும். குழந்தை வழக்கம்போல் உண்ணலாம். விளக்கெண்ணெய் போன்ற பேதி மருந்துகள் தேவையில்லை.

உணவுக்குழாயின் மேற்பகுதி, அதாவது காறை எலும்பு மட்டத்தில் உள்ள பகுதி, மிகக் குறுகலானது. பெரும்பாலான நாணயங்கள் அங்கேதான் சிக்குகின்றன. குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லையெனில், தானாகக் கீழிறங்குகிறதா என்று மருத்துவர் கண்காணித்து, மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். 24 மணி நேரத்திற்குள் இறங்காத நாணயத்தை எண்டோஸ்கோப்பி கருவி மூலம் எடுத்துவிடுவர். எச்சில் விழுங்க முடியாமை, ஓயாத வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருப்பதற்கு இடமில்லை. உடனே எடுக்க வேண்டும்.

பட்டன் பேட்டரி ஏன் வேறுபட்டது?

பேட்டரி உடைந்து அதிலுள்ள மருந்து கசிவதால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. உணவுக்குழாயின் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். குறுகிய அந்தக் குழாயில் சிக்கிய பேட்டரியின் இரு முனைகளும் ஈரமான சுவரைத் தொடும்போது அதன் வழியே மின்னோட்டம் பாய்கிறது. எதிர்முனை தொட்டிருக்கும் இடத்தில் அங்குள்ள நீர் சிதைந்து வலிமையான காரம் உருவாகிறது. அடுப்படியில் கழிவுக்குழாய் அடைப்பு நீக்கப் பயன்படும் காரத்தூள் எவ்வாறு அரிக்குமோ, அவ்வாறே இந்தக் காரமும் தசையைக் கரைக்கிறது. பேட்டரி முழுதாக, உடையாமல் இருக்கும்போதே இது நிகழ்கிறது.

இதில் இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, புண் உண்டாவது 15 நிமிடங்களிலேயே தொடங்கக்கூடும். இரண்டாவது, கருவியை இயக்கும் ஆற்றலை இழந்த பழைய பேட்டரியிலும் தசையை எரிக்கப் போதுமான மின்சாரம் எஞ்சியிருக்கும். ‘தீர்ந்துபோன பேட்டரிதானே’ என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

மிகுந்த தீங்கு செய்பவை 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் பேட்டரிகள். அவற்றின் மேல் சி.ஆர். 2032, சி.ஆர். 2025 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரு இலக்கங்கள் விட்டத்தைக் குறிக்கும். இவை 3 வோல்ட் திறனுள்ளவை. சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கும் அளவுக்குப் பெரியவை. அலங்கார விளக்குகளின் தட்டையான ரிமோட், கார் சாவி, உடல் எடை பார்க்கும் கருவி, ஒளிரும் பொம்மை, பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றில் இவை இருக்கும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

விழுங்கியதை யாரும் பார்க்காதபோதுதான் சிக்கல் பெரிதாகிறது. சில குழந்தைகளுக்கு முதல் சில மணி நேரம் எந்த அறிகுறியும் இராது. பின்வருவனவற்றில் எது திடீரெனத் தோன்றினாலும் ஐயம் கொள்ள வேண்டும்:

- வழக்கத்திற்கு மாறாக எச்சில் வழிதல்
- உணவை, குறிப்பாகத் திட உணவை மறுத்தல், விழுங்கும்போது அழுதல்
- வாந்தி, குமட்டல், மார்பு அல்லது தொண்டை வலி
- இருமல், இரைப்பு, குரல் கம்மல்
- இரத்த வாந்தி, கறுத்த மலம் (இது உயிருக்கு ஆபத்தான அறிகுறி)

இவற்றில் பல, சளி இருமலைப் போன்றே தோன்றும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2020-ஆம் ஆண்டு ரீஸ் என்னும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூக்கடைப்பும் இரைப்பும் ஏற்பட்டன. குரல்வளை வீக்கத்தால் வரும் இருமல் நோய் என்றே முதலில் கருதப்பட்டது. வீட்டிலிருந்த ரிமோட்டில் பட்டன் பேட்டரி காணாமற்போயிருப்பதைத் தாய் பின்னரே கண்டார். பேட்டரி அகற்றப்பட்டது. எனினும் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்திருந்தது. அக்குழந்தை அவ்வாண்டு டிசம்பரில் உயிரிழந்தது. பேட்டரி அறையைக் குழந்தைகள் திறக்க முடியாதவாறு அமைக்க வேண்டும் என்று 2022-இல் அந்நாடு இயற்றிய சட்டம் ரீஸின் பெயராலேயே வழங்குகிறது.

ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது இருமலை மட்டும் கூறாதீர்கள். ‘வீட்டில் ஒரு பட்டன் பேட்டரியைக் காணவில்லை’ என்பதையும் கூறுங்கள். அந்த ஒரு வாக்கியம் எக்ஸ்ரே எடுக்கும் முடிவுக்கு வழிவகுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

பொத்தேரியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரவு ஏழரை மணி. விளக்கு ரிமோட் தரையில் திறந்து கிடக்கிறது; பேட்டரி இல்லை. அருகில் விளையாடிய இரண்டு வயதுக் குழந்தைக்கு எச்சில் சற்று அதிகம் வழிகிறது. வேறு தொந்தரவு இல்லை. பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், வீடு முழுவதும் தேடுவதில் நேரத்தைச் செலவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, ‘குழந்தை பட்டன் பேட்டரி விழுங்கியிருக்கலாம்’ என்று தெளிவாகக் கூற வேண்டும். வாகனம் வீட்டிலேயே இருந்தால் தாமதமின்றிப் புறப்படலாம். ரிமோட்டையும், அதே வகைப் பேட்டரி இருந்தால் அதன் அட்டையையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பது இங்கு முக்கியம். இரவிலும் எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி, குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் ஆகிய மூன்றும் இருக்கும் இடமே தேவை. தெருமுனைக் கிளினிக்கில் நின்று, அங்கிருந்து அனுப்பப்பட்டு மீண்டும் புறப்பட்டால் அரை மணி நேரம் வீணாகும். பொத்தேரியை ஒட்டியே காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. அந்த நேரத்தில் எங்கே வசதி உள்ளது என்பதை 108 ஊழியரிடம் கேட்டுப் புறப்படுவது நல்லது. தாம்பரம் பக்கம் போக்குவரத்து நெரிசல் மிகுந்த நேரமானால், தொலைவைவிடச் சென்றுசேரும் நேரத்தையே கணக்கிட வேண்டும்.

மருத்துவமனையில் கழுத்து முதல் வயிறு வரை எக்ஸ்ரே எடுப்பர். நேராக எடுத்த படத்தில் நாணயம் ஒரே சீரான வட்டமாகத் தெரியும். பேட்டரியோ வட்டத்திற்குள் வட்டமாக, இரட்டை விளிம்புடன் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் அதன் எதிர்முனை எத்திசையை நோக்கியிருக்கிறது என்று பார்ப்பர். முன்புறம் நோக்கினால் மூச்சுக்குழாய்க்கும், பின்புறம் நோக்கினால் முதுகெலும்புப் பகுதிக்கும் ஆபத்து. பேட்டரி உணவுக்குழாயில் இருப்பது உறுதியானால், குழந்தை சற்று முன் உணவு உண்டிருந்தாலும், வயிறு காலியாகட்டும் என்று காத்திருக்காமல் அதனை அகற்றுவதே முறை.

செல்லும் வழியில் தேன் கொடுக்கலாமா?

2018-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள், பன்றிக்குட்டிகளிடம் நடத்திய ஆய்வில் தேன் புண்ணின் கடுமையைக் குறைப்பதைக் கண்டனர். தேன் பேட்டரியைப் போர்த்தி, உருவாகும் காரத்தையும் ஓரளவு தணிக்கிறது. அதன் அடிப்படையில் பின்வரும் முறை பரிந்துரைக்கப்படுகிறது.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். விழுங்கி 12 மணி நேரத்திற்குள் இருக்க வேண்டும். குழந்தையால் விழுங்க முடிய வேண்டும். அவ்வாறெனில் 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி தேனை 10 நிமிடத்திற்கு ஒரு முறை, அதிகபட்சம் ஆறு முறை கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. வீட்டில் தேன் இல்லையெனில் கடைக்கு ஓட வேண்டாம். தேன் சேதத்தைத் தாமதப்படுத்தும், பேட்டரியை அகற்றாது.

செய்யக் கூடாதவை

தேனைத் தவிர வேறு உணவோ நீரோ கொடுக்க வேண்டாம். வாழைப்பழம், சோற்று உருண்டை கொடுத்து உள்ளே தள்ள முயல வேண்டாம். உப்புநீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். பொருள் மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடக்கூடும். தலைகீழாகப் பிடித்து உலுக்க வேண்டாம்.

குழந்தையால் அழவோ இருமவோ மூச்சுவிடவோ முடியாத நிலை வேறு. அது மூச்சுப்பாதை அடைப்பு. அப்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முகம் கீழாகத் தொடை மேல் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு இடையே ஐந்து முறை தட்டி, பின் மல்லாக்கத் திருப்பி மார்பு நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். பெரிய குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டுகளும், பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேல் ஐந்து உந்துதல்களும் தேவை. அடைப்பு நீங்கும் வரை இவற்றை மாறி மாறித் தொடர வேண்டும். உடனிருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

பேட்டரியை எடுத்த பிறகு

எடுத்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று கொள்ள முடியாது. காரம் ஊறிய தசை அதன் பின்னும் சில நாட்கள் தொடர்ந்து சிதையும். மூச்சுக்குழாய்க்குத் துளை விழுந்தால், உண்ணும்போதும் பால் குடிக்கும்போதும் புரையேறி இருமல் வரும். உணவுக்குழாய் தழும்பாகிச் சுருங்கினால், சில வாரங்களில் திட உணவு இறங்காது. பெருந்தமனி அரிக்கப்பட்டால், முதலில் சிறிதளவு இரத்த வாந்தி வந்து நின்று, பின் பெருக்கெடுக்கும். இது பேட்டரி எடுத்துச் சில வாரங்கள் கழித்தும் நேரலாம். எனவே வீடு திரும்பிய பின் ஒரு துளி இரத்தம் வாந்தியில் தெரிந்தாலும், மலம் கறுத்தாலும், சற்று நேரத்தில் நின்றுவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பேட்டரி ஏற்கெனவே வயிற்றுக்குச் சென்றிருந்தால், குழந்தையின் வயது, பேட்டரியின் அளவு, அறிகுறிகள் ஆகியவற்றைக் கொண்டு உடனே எடுப்பதா, சில நாட்களில் மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார். குறித்த நாளில் அந்த எக்ஸ்ரேயைத் தவறாமல் எடுக்க வேண்டும். மலத்தில் பேட்டரி வந்ததைக் கண்ணால் பார்த்தால் அதையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியது

ரிமோட், பொம்மை ஆகியவற்றின் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் உறுதியான ஒட்டுநாடாவால் சுற்றி ஒட்டுங்கள். மாற்றிய பழைய பேட்டரியின் இரு பக்கங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பின் அப்புறப்படுத்துங்கள். மேசை மேலோ குப்பைக்கூடையிலோ போட வேண்டாம்.

அவசர ஊர்தி: 108. மருத்துவ ஆலோசனை: 104.