ஒரு ஸ்டார் ரிவ்யூவுக்கு பதில்... யாருக்காக எழுதுறீங்க?

வீட்டுலேயே கேக் செஞ்சு விக்கிறீங்கன்னு வெச்சுப்போம். ராத்திரி போன்ல ஒரு நோட்டிஃபிகேஷன். கூகுள் மேப்ஸ்ல உங்க கடைக்கு ஒரே ஒரு ஸ்டார்!

'6 மணிக்கு வர வேண்டிய கேக் 7 மணிக்கு வந்துச்சு. க்ரீம் உருகி, பையன் பேரே அழிஞ்சுபோச்சு. போன் பண்ணா எடுக்கல. வேஸ்ட்!'

படிச்சதும் கை பரபரக்கும். 'டிராஃபிக்குக்கு நாங்க பொறுப்பா? லொகேஷனைத் தப்பா அனுப்பினது நீங்கதானே?'னு டைப் பண்ணத் தோணும். அது உண்மையாகவேகூட இருக்கலாம். ஆனா, அடுத்த வாரம் மகள் பிறந்தநாளுக்கு கேக் தேடுற ஒரு அம்மாவும் அதைப் படிப்பாங்க. 'நமக்கு ஏதாவது பிரச்னைன்னாலும் இப்படித்தான் சண்டைக்கு வருவாங்களோ'னு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. உங்க பதில் அவங்களுக்கும் சேர்த்துதான்.

அதனால இப்படி எழுதிப் பாருங்க:

'வணக்கம். பிறந்தநாள் அன்னிக்கு கேக் ஒரு மணி நேரம் தாமதமா, அதுவும் பேர் அழிஞ்சு வந்தது எங்க தவறுதான். மன்னிச்சுடுங்க. நீங்க கூப்பிட்டப்போ போனை எடுக்காததும் தப்பு. இப்போ க்ரீம் கேக்குகளை ஐஸ் பேக் வெச்ச பெட்டியிலதான் அனுப்புறோம். டெலிவரி நேரத்துல போனைக் கவனிக்க ஒருத்தர் இருக்காங்க. உங்க ஆர்டர் பத்தி பேசணும், கடை நம்பருக்கு ஒரு மெசேஜ் பண்ணுங்க.'

தாமதம், உருகின க்ரீம், எடுக்காத போன்னு அவர் சொன்ன மூணுக்கும் இதுல பதில் இருக்கு. 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்'னு எல்லா ரிவ்யூவுக்கும் ஒரே வரியை ஒட்டினா, யாருமே படிக்கலைன்னு தெரிஞ்சுடும். மாத்தினதா சொல்ற விஷயத்தை நிஜமாவே மாத்தியிருக்கணும். 'இனி லேட்டே ஆகாது'ங்கிற மாதிரி வாக்கு கொடுக்காதீங்க. அடுத்த லேட் டெலிவரி அன்னிக்கு அதையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவாங்க.

இன்ஸ்டால 'நம்ம வீட்டு கேக்'னு கொஞ்சிப் பேசுற கடை, இங்கே மட்டும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதினா ஒட்டாது. அதே வீட்டுப் பேச்சு இருக்கட்டும், ஜோக்கும் எமோஜியும் மட்டும் வேண்டாம்.

பணத்தைத் திருப்பித் தர்றது, மறுபடி கேக் அனுப்புறது எல்லாம் தனி மெசேஜ்ல பேசிக்கலாம். வாடிக்கையாளரோட நம்பர், முகவரி, சாட் எதையும் பதில்ல போடவே கூடாது. 'ரிவ்யூவை எடுத்துட்டா ஒரு கேக் ஃப்ரீ'ங்கிற பேரமும் கூடாது, அது கூகுள் விதிகளுக்கே எதிரானது. பிரச்னையைச் சரி பண்ணின பிறகு அவரா மனசு மாறினா, அவரே ரிவ்யூவைத் திருத்திக்க முடியும்.

சரி, அப்படி ஒரு ஆர்டரே வரலைன்னா? முதல்ல ஆர்டர் நோட்டைப் பாருங்க. அம்மா பேர்ல புக் பண்ணிட்டு, மகன் ரிவ்யூ எழுதியிருக்கலாம். எதுவும் சிக்கலைன்னா, 'இந்த விவரத்தோட எங்ககிட்ட ஆர்டர் இல்லை. ஆர்டர் பண்ணின நம்பரை மெசேஜ்ல அனுப்பினா உடனே பார்க்குறோம்'னு எழுதுங்க. 'ஃபேக் ஐடி'னு திட்ட வேண்டாம். கூடவே அந்த ரிவ்யூவை கூகுள்கிட்ட ரிப்போர்ட் பண்ணலாம். ஆனா, கசப்பா இருக்குங்கிற காரணத்துக்காக மட்டும் அவங்க எதையும் நீக்க மாட்டாங்க.

கோபமா ஏற்கெனவே ஒரு பதில் போட்டாச்சா? ரிவ்யூவுக்குக் கீழே இருக்குற உங்க பதிலை எப்போ வேணும்னாலும் திருத்தலாம். இன்னிக்கே பழசையெல்லாம் ஒரு தடவை ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க!