அப்பா பெயரில் அம்மாவின் சிம்

பல வீடுகளில் அம்மா பேசும் நம்பர் அப்பாவின் பெயரில்தான் இருக்கும். அப்பா இறந்த பிறகும் ரீசார்ஜ் செய்துவந்தால் அந்த சிம் வழக்கம்போல ஓடும். போன் தொலைந்தால்தான் சிக்கல் தெரியவரும். டூப்ளிகேட் சிம் கேட்டுப் போனால், யார் பெயரில் நம்பர் இருக்கிறதோ அவரே ஆதாரோடு நேரில் வர வேண்டும் என்பார்கள். அம்மாவின் பேங்க் கணக்கு, ரேஷன் கார்டு, கேஸ் புக்கிங் எல்லாவற்றுக்கும் அதே நம்பரைக் கொடுத்திருந்தால், ஓடிபி வராமல் அத்தனையும் ஒரே நாளில் முடங்கும்.

அதனால் சிம் கையில் உயிரோடு இருக்கும்போதே பெயரை மாற்றிவிட வேண்டும். இறப்புச் சான்றிதழ் வந்ததும் அம்மா தன் ஆதாரோடு கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கே போவது நல்லது. சின்ன ரீசார்ஜ் கடைகளில் பெரும்பாலும் இந்த வேலை நடக்காது. உறவுக்குச் சான்றாக அப்பா, அம்மா இருவர் பெயரும் உள்ள ரேஷன் கார்டையோ வாரிசுச் சான்றிதழையோ கேட்பார்கள். பிள்ளைகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிவரச் சொல்வதும் உண்டு. எது போதும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே முதலில் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு போனால் இன்னொரு நடை மிச்சம். போஸ்ட்பெய்டு என்றால் பாக்கியைக் கட்டிவிட வேண்டும். அங்கேயே அம்மாவைப் போட்டோ எடுத்து, புதிய இணைப்புக்குப் போலவே விவரங்களைப் பதிவு செய்வார்கள். புது சிம் கொடுத்தால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அன்றைக்குப் பணம் அனுப்பும் வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்தால் பெயரும் மாறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மாறாது. பெயரை முதலில் மாற்றிவிட்டுத்தான் போர்ட் செய்ய வேண்டும்.

நம்பர் கைக்கு வந்ததால் அப்பாவின் பேங்க் பணமும் வந்துவிட்டதாக ஆகாது. அவர் கணக்கிலிருந்து ஜிபேயில் எடுப்பது முறையல்ல, பிற்பாடு வாரிசுகளுக்குள் சண்டையாகவும் முடியும். பேங்கில் இறப்பைத் தெரிவித்து, நாமினியாகவோ வாரிசாகவோ கேட்டுத்தான் அந்தப் பணத்தை வாங்க வேண்டும்.

உயிரோடு இருப்பவர் தன் நம்பரை மகனுக்கோ மகளுக்கோ கொடுப்பது இதைவிடச் சுலபம். இருவரும் தத்தம் ஆதாரோடு சேர்ந்து போய், கொடுப்பவர் சம்மதம் தெரிவித்தால் போதும். ஆனால் அதற்கு முன்பே கொடுப்பவர் தன் பேங்க் கணக்கிலும் ஆதாரிலும் வேறு நம்பரைப் பதிந்துவிட வேண்டும். இல்லையென்றால் அவருடைய ஓடிபி எல்லாம் பிள்ளையின் போனுக்குப் போகும்.

நம்பரே வேண்டாம் என்று போட்டுவிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு நம்பரைக் கம்பெனி துண்டிக்கலாம். பிறகு குறைந்தது 90 நாள் கழித்து அது முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். அம்மாவின் கணக்கில் அந்த நம்பர் இன்னும் இருக்கிறதா என்று அதற்குள் பேங்கில் பார்த்து மாற்றிவிடுங்கள்.