உங்களுக்குத் தெரியுமா? சிலருக்கு பி12 ஊசி ஏன்?

தியாகராய நகரில் தலைமுறைகளாகச் சைவம் சாப்பிடும் ஒருவருக்கு பி12 குறைந்தால், பெரும்பாலும் மாத்திரையே போதும். குறை உணவில்தான், வயிற்றில் இல்லை. இரைப்பைச் சுவர் சுரக்கும் ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர்’ என்ற புரதம் பி12-ஐப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போகும். அங்குள்ள செல்கள் இந்த ஜோடியைத்தான் உள்ளே விடும்.

1920-களின் இறுதியில் பாஸ்டன் மருத்துவர் வில்லியம் கேசில், ஆரோக்கியமானவரின் இரைப்பையில் பாதி செரித்த மாட்டிறைச்சியை வெளியே எடுத்து, கொடிய இரத்தசோகை நோயாளிகளுக்குக் குழாய் வழியே கொடுத்தார். கேட்கவே குமட்டுகிறது, ஆனால் அவர்களுக்கு இரத்தம் ஊறியது. வெறும் இறைச்சி தந்தபோது ஊறவில்லை; இரைப்பை சுரக்கும் அந்தப் புரதம்தான் அவர்களிடம் இல்லை.

உடலின் எதிர்ப்புச் சக்தியே இரைப்பைச் செல்களைத் தாக்கினாலோ, அறுவையில் இரைப்பை அகற்றப்பட்டாலோ, அந்தப் புரதம் இருக்காது. அப்போது விழுங்கும் பி12-இல் சுமார் 1 சதவீதம்தான் தானாகக் கசிந்து உள்ளே போகும். 15 மைக்ரோகிராம் மாத்திரையில் சேர்வது 0.15, ஒரு நாள் தேவையோ சுமார் 2. தினமும் 1,000 மைக்ரோகிராம் விழுங்கினால் 10 சேரும் என்பதால் பலருக்கு அதுவே ஈடுகட்டும். ஆனால் கால் மரத்து, நடை தள்ளாடும் அளவுக்கு நரம்பு பாதித்தவரிடம் அந்தக் கசிவை நம்பிக் காத்திருக்க முடியாது. தசையில் போடும் ஊசி குடலைத் தொடாமலே இரத்தத்தில் கலந்துவிடும்.