ஓர் ஆண்டு உச்சம், மறு ஆண்டு இயல்பு

2016ஆம் ஆண்டு நடந்த இந்தியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் பந்தயங்களில் பெங்களூர் அணியின் தலைவர் விராட் கோலி 16 ஆட்டங்களில் 973 ஓட்டங்கள் குவித்தார். அவற்றுள் நான்கு சதங்கள். அவருடைய சராசரி 81. மறு ஆண்டு அவர் ஆடிய 10 ஆட்டங்களில் கிடைத்தவை 308 ஓட்டங்களே. சராசரி 31க்கும் சற்றுக் குறைவு. முந்திய ஆண்டு இறுதியாட்டம் வரை சென்ற அணி 2017இல் எட்டு அணிகளுள் கடைசி இடத்தில் நின்றது.

இத்தகைய வீழ்ச்சியைக் கண்டதும் காரணம் தேடுவது மனித இயல்பு. தோளில் பட்ட காயம் என்றனர் சிலர். ஆடுகளம் மந்தமாயிற்று என்றனர் வேறு சிலர். பந்துவீச்சாளர்கள் அவருடைய போக்கை அறிந்துகொண்டனர் என்போரும் உளர். இவற்றில் உண்மை இருக்கலாம். ஆயினும் இவற்றுள் எதையும் எடுத்துக்கொள்ளுமுன் கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: காரணம் ஏதும் இல்லாவிடினும் எவ்வளவு வீழ்ச்சி நேர்ந்திருக்கும்?

அதற்கு 2016க்கு முந்திய ஐந்து ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 2011 முதல் 2015 வரை அவருடைய சராசரி முறையே 46, 28, 45, 28, 46 என்று அமைந்தது. ஒரே மனிதர், ஒரே அணி. எனினும் ஊசலைப்போல் மேலும் கீழும் சென்றிருக்கிறது. ஐந்தாண்டுகளையும் சேர்த்தால் 2,419 ஓட்டங்கள்; 63 முறை ஆட்டமிழப்பு; அதாவது சராசரி 38. அவருடைய அக்காலத்து ஆற்றலுக்கு இந்த 38ஐ ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு ஏற்ற இறக்கம் ஏன்? ஒரு பருவத்தில் பேட்ஸ்மன் ஆட்டமிழப்பது ஏறத்தாழ 12 முறையே. ஒவ்வொரு முறையும் அவர் எடுக்கும் ஓட்டம் பூஜ்யமாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். தனி இன்னிங்ஸ்களின் சிதறல் சராசரியின் அளவுக்கே பெரிது என்பது கிரிக்கெட் கணக்குகளில் பொதுவாகக் காணப்படுவது. பன்னிரண்டு முறைகளின் சராசரியை எடுக்கும்போது இச்சிதறல் 12இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் மூன்றரையால், வகுபடும். 38ஐ மூன்றரையால் வகுத்தால் 11. ஆகவே ஆற்றலில் எந்த மாறுதலும் இல்லாத நிலையிலேயே ஒரு பருவத்தின் சராசரி 27க்கும் 49க்கும் இடையே அலைவது இயல்பு. 28, 45, 46 ஆகிய எண்கள் அனைத்தும் இவ்வெல்லைக்குள் அடங்குவதைக் காணலாம். 2017இன் 31உம் அவ்வாறே.

2016இன் 81 மட்டும் எல்லைக்கு வெகு தொலைவில் நிற்கிறது. அதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது தவறு. அவ்வாண்டு அவருடைய ஆட்டம் மெய்யாகவே உயர்ந்திருந்தது. ஆனால் உயர்வு முழுவதும் ஆற்றல் என்று கொள்வதும் சரியன்று. நான்கு சதங்களில் மட்டும் 430 ஓட்டங்கள் வந்தன. அவற்றுள் இரண்டில் அவர் ஆட்டமிழக்கவே இல்லை. ஏனைய 12 இன்னிங்ஸ்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 543 ஓட்டங்கள், 10 ஆட்டமிழப்புகள், சராசரி 54. ஒரு பந்தயத்தில் பந்து மட்டையின் விளிம்பில் பட்டுக் கைக்குச் செல்வதும் இரண்டு விரற்கடை தள்ளி எல்லைக்கோட்டுக்கு ஓடுவதும் பேட்ஸ்மனின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. மிக உயர்ந்த எண் எதிலும் ஆற்றலும் நல்வாய்ப்பும் கலந்தே இருக்கும். ஆற்றல் மறு ஆண்டும் உடன் வரும். நல்வாய்ப்பு வருமென்ற உறுதி இல்லை. பல பருவங்களுள் மிக உயர்ந்ததைத் தேர்ந்தெடுக்கும்போது, நல்வாய்ப்பு மிகுந்த பருவத்தையே தேர்ந்தெடுக்கிறோம். ஆதலின் அதற்கு அடுத்தது சராசரிக்கு அருகே வந்து நிற்கிறது.

பின்னர் நடந்ததும் இதற்கு இயைந்ததே. 2018இல் சராசரி 48, 2019இல் 33. 2017 முதல் மூன்றாண்டுகளையும் சேர்த்தால் 1,302 ஓட்டங்கள், 35 ஆட்டமிழப்புகள், சராசரி 37. உச்சத்துக்கு முன் 38, பின் 37.

இதில் ஒரு நல்ல சோதனையும் அடங்கியுள்ளது. காலத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், 2016க்கு முந்திய ஆண்டின் சராசரியும் 46தான். புகழ் தலைக்கேறியதால் ஆட்டம் சரிந்தது என்பது உண்மையானால், புகழுக்கு முந்திய ஆண்டு ஏன் தாழ்ந்திருந்தது? உச்சியின் இரு பக்கமும் சரிவு காணப்படின், வீழ்ச்சிக்கென்று தனிக் காரணம் தேடுவதில் எச்சரிக்கை வேண்டும்.

இவ்வுண்மையை முதலில் அளந்து கூறியவர் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன். 1886இல் அவர் வெளியிட்ட ஆய்வில், மிக உயரமான பெற்றோரின் மக்கள் உயரமாகவே இருந்தனர். ஆனால் பொதுச் சராசரியிலிருந்து பெற்றோர் விலகியிருந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கே அவர்கள் விலகியிருந்தனர். மிக உயரமான மக்களின் பெற்றோரை நோக்கினும் அவர்கள் அம்மக்களைவிடச் சராசரிக்கு அருகிலேயே இருந்தனர். மக்கள் பெற்றோரின் உயரத்துக்குக் காரணமாக முடியாதன்றோ!

சராசரிக்குத் திரும்புதல் என்பதை ஓர் இழுவிசை என்று கருதிவிடலாகாது. நல்ல ஆண்டுக்கு ஈடாகக் கெட்ட ஆண்டு வந்தே தீரும் என்பதும் இதன் பொருளன்று. எதிர்பார்க்கத்தக்கது சராசரிக்கு அருகே என்பதே. அதற்குக் கீழே அன்று. மெய்யான காரணங்களையும் இது விலக்குவதில்லை. 2017 மார்ச்சில் ராஞ்சி டெஸ்ட் பந்தயத்தில் கோலியின் தோளில் காயம்பட்டது உண்மை; பருவத்தின் முதல் சில ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. 38க்கும் 31க்கும் இடையேயுள்ள ஏழு ஓட்டங்களில் காயத்தின் பங்கு இருந்திருக்கலாம். 81க்கும் 31க்கும் இடையேயுள்ள ஐம்பது ஓட்டங்களையும் காயத்தின்மேல் சுமத்துவதே பிழை.

களப்பணியில் இப்பிழை எளிதில் நேரும். விளைச்சல் மிகக் குறைந்த இருபது வயல்களைத் தேர்ந்து புதிய உரம் இட்டால், மறு ஆண்டு விளைச்சல் கூடும். உரம் இடாவிடினும் ஓரளவு கூடியே இருக்கும். ஏனெனில் அவற்றுள் பல, மழையோ பூச்சியோ வாய்த்த விதத்தால் அவ்வாண்டு மட்டும் தாழ்ந்தவை. இருபதையும் குலுக்கல்முறையில் இரண்டு பத்துகளாகப் பிரித்து, ஒரு பத்துக்கு மட்டும் உரமிடுவதே வழி. இரு பத்துகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடுதான் உரத்தின் பயன்; சென்ற ஆண்டுக்கும் இவ்வாண்டுக்கும் உள்ள வேறுபாடு அன்று.

வகுப்பறையில் இதைக் காட்ட உளவியல் அறிஞர் டேனியல் கானமன் கையாண்ட முறை மிக எளிது. இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர் ஒருவர், பாராட்டப்பட்ட மாணவன் அடுத்த முறை மோசமாகவும், திட்டப்பட்டவன் நன்றாகவும் பறக்கிறான் என்று அவரிடம் வாதிட்டார். கானமன் தரையில் ஓர் இலக்கு வரைந்து, பயிற்றுநர் ஒவ்வொருவரையும் அதற்கு முதுகு காட்டி நின்று இரண்டு நாணயங்களை ஒன்றன்பின் ஒன்றாக எறியச் சொன்னார். சாக்கட்டியும் அளவு நாடாவும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். முதல் எறிதலின் தூரத்தைக் கொண்டு மாணவர்களை வரிசைப்படுத்தி, மிக அருகில் எறிந்த ஆறு பேரையும் மிகத் தொலைவில் எறிந்த ஆறு பேரையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் எறிதலில் முதல் ஆறு பேரின் சராசரித் தூரம் பெரும்பாலும் கூடியும், கடைசி ஆறு பேரின் தூரம் குறைந்தும் இருக்கும். இடையில் எவரையும் பாராட்டவோ கடியவோ கூடாது.