கணினி அறைக்கு இரண்டு திட்டங்கள்: குழுவின் முன் ஒரு பரிந்துரைப் பேச்சு

கணினி அறை அமைக்க இரண்டு திட்டங்கள் வந்திருக்கும்போது, விலைப்பட்டியல்களை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தவர் எழுந்து, எதை ஏற்கலாம் என்று குழுவிடம் சொல்வதுதான் பரிந்துரைப் பேச்சு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். கணினிக் கடைக்காரரின் மொழி அவர்களுக்குப் பழக்கமானதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் கரண்ட் போனால் என்ன ஆகும், பழுதானால் யார் பார்ப்பார் என்ற கேள்விகள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நல்ல பேச்சு அந்தக் கேள்விகளின் மேல்தான் நடக்கிறது.

வகுப்புக்கு 40 பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கு ஒரு திரை என்றால் 20 இருக்கைகள் வேண்டும். முதல் திட்டம் 20 டெஸ்க்டாப் கணினிகள். இரண்டாவது திட்டத்தில் ஒரே ஒரு சர்வர்தான் முழுக் கணினி. பிள்ளைகளின் முன்னால் இருப்பவை தின் கிளையன்ட் எனப்படும் சிறு பெட்டிகளும் திரைகளும் மட்டுமே. வேலையெல்லாம் சர்வரில் நடக்கும், அதன் காட்சி கேபிள் வழியாகத் திரைக்கு வந்து சேரும். கணக்கு புரிவதற்காக விலைகளை இப்படி வைத்துக்கொள்ளலாம்: யூபிஎஸ், கேபிள் எல்லாம் சேர்த்து முதல் திட்டம் 9.2 லட்சம் ரூபாய், இரண்டாவது 6.4 லட்சம்.

பேச்சின் முதல் வாக்கியத்திலேயே முடிவு வந்துவிட வேண்டும். “தலைவர் அவர்களே, பெற்றோர்களே, இரண்டாவது திட்டத்தை ஒரு திருத்தத்தோடு ஏற்கலாம் என்று பரிந்துரைக்கிறேன்” என்று தொடங்கினால், அடுத்து வரும் எண்கள் எதற்காகச் சொல்லப்படுகின்றன என்று கேட்பவருக்குத் தெரியும். முடிவைக் கடைசிவரை மறைத்து வைத்தால் பாதிப் பேர் நடுவிலேயே வழி தவறிவிடுவார்கள்.

அடுத்து மின்சாரம். திரையோடு சேர்ந்து ஒரு டெஸ்க்டாப் சுமார் 130 வாட் இழுத்தால் இருபதுக்கும் 2,600 வாட் ஆகிறது. தின் கிளையன்டும் திரையும் சேர்ந்து 35 வாட் அளவில் நிற்கும். சர்வரையும் கூட்டினால் அறை முழுவதற்கும் ஏறக்குறைய 1,000 வாட். நாளுக்கு 5 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால் 1,600 யூனிட் மிச்சம். இதைவிடப் பெரிய செலவு யூபிஎஸ் பேட்டரியில் இருக்கிறது. அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். சுமை கூடக்கூட பேட்டரிகளும் கூடும். விலைப்பட்டியலில் இந்த மாற்றுச் செலவு பெரும்பாலும் இருக்காது. ஆகவே வாங்கும் விலையை மட்டும் ஒப்பிடாமல் ஐந்தாண்டுச் செலவை ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. டெஸ்க்டாப்பில் ஒரு மென்பொருளை 20 முறை நிறுவ வேண்டும், சர்வரில் ஒருமுறை போதும். கணினிக்கென்று தனி ஆள் இல்லாத பள்ளியில், கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியரே மாலையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

தான் பரிந்துரைக்கும் திட்டத்தின் குறையைப் பேசுபவரே சொல்லிவிடுவதில்தான் பேச்சின் நம்பகம் இருக்கிறது. டெஸ்க்டாப் ஒன்று பழுதானால் மற்ற 19 ஓடும்; சர்வர் பழுதானால் அறையே நின்றுவிடும். திருத்தம் இதற்காகத்தான்: 1.8 லட்சத்துக்கு ஒரு பெரிய சர்வர் வாங்குவதற்குப் பதிலாக, 1.2 லட்சம் வீதம் நடுத்தர சர்வர்கள் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து இருக்கைகளை இணைப்பது. மொத்தம் 7 லட்சம் ஆகும். ஒன்று நின்றுபோனால் நான்கு பேருக்கு ஒரு திரை என்று நெருக்கியாவது அன்றைய வகுப்பை நடத்திவிடலாம். பிள்ளைகளின் கோப்புகளை வாரம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைப்பதும் இந்தத் திருத்தத்தில் சேர வேண்டும்.

இன்னொரு குறை வீடியோ. எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் வீடியோ ஓடினால் சர்வரும் கேபிளும் திணறும். படம் விட்டுவிட்டு நகரும், குரல் பின்தங்கும். பட்டியலைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பணம் கொடுப்பதற்கு முன், சர்வரோடு பத்துப் பெட்டிகளையும் இணைத்து, பத்துத் திரைகளிலும் ஒரு பாட வீடியோவை ஓட்டிக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். அதில் தேறாவிட்டால் பரிந்துரையும் மாற வேண்டும், அதையும் பேச்சிலேயே சொல்லிவிடலாம். மேல் வகுப்புகளில் வீடியோ தொகுப்பு, முப்பரிமாண வரைகலை போன்றவற்றைக் கற்பிக்கும் பள்ளிக்கு டெஸ்க்டாப்தான் பொருந்தும். இங்கே தட்டச்சு, ஓவியம், எளிய நிரல் எழுதுதல் என்பதால்தான் இரண்டாவது திட்டம் முன்னால் நிற்கிறது.

பேச்சு தீர்மானமாக எழுதக்கூடிய வாசகத்தில் முடிய வேண்டும்: இரண்டாவது திட்டம், இரண்டு சர்வர், 7 லட்சத்துக்கு மிகாத செலவு, செயல்முறைக் காட்சியில் தேறிய பிறகே முன்பணம், மூன்றாண்டு உத்தரவாதம், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வர வேண்டும் என்ற எழுத்து உறுதி. உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழிந்ததும், இதே வாசகம் தீர்மானப் பதிவேட்டில் ஏறி அனைவரின் கையெழுத்தையும் பெறுகிறது.