மூன்று மார்க் வாங்கிய படம்

அவள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பெயர் வேண்டாம். பொங்கலன்று புதுத் தாவணி உடுத்தி, தம்பி பக்கத்தில் நின்று ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துத் தானே ஒரு படம் எடுத்தாள். பிடித்திருந்தது, தோழிகளுக்கு அனுப்பினாள். அது எப்படியோ வகுப்புப் பையன்கள் சிலர் தனியாக வைத்திருந்த குழுவுக்குப் போய்விட்டது. மாணவிகளின் படத்தைப் போட்டுப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவது அங்கே விளையாட்டு. இவளுக்கு மூன்று. "மூக்கு மட்டும் தனியா வந்து நிக்குது" என்று ஒருவன் கீழே எழுதியிருந்தான். தோழி ஒருத்தி, நல்லெண்ணத்தில்தான், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இவளுக்கே அனுப்பிவிட்டாள்.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகம். முன்பின் தெரியாதவர் முகத்துக்கு மார்க் போடுவதற்கென்றே 2000-ல் அமெரிக்காவில் ஓர் இணையதளம் தொடங்கியது. 2003-ல் ஹார்வர்டு மாணவராக இருந்த மார்க் ஸக்கர்பெர்க், சக மாணவர்களின் படங்களை அவர்களிடம் கேட்காமலே எடுத்து, இரண்டிரண்டாக வைத்து யார் அழகு என்று ஓட்டுப் போட வைத்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அது நின்றது. ஆனால் பள்ளிக்கூடங்களில் அது நிற்கவே இல்லை.

அந்தப் பெண்ணை வாட்டியது பையன் எழுதியது மட்டும் அல்ல. மறுபடி படத்தைப் பார்த்தபோது அவன் சொன்னது சரி என்றே அவளுக்குத் தோன்றியது. மூக்கு பெரிதாகத்தான் இருந்தது. ஒரு பக்கப் புருவம் ஏறியிருந்தது. கண்ணாடியில் இப்படி இல்லையே என்று நினைத்தாள். அப்படியென்றால் கண்ணாடிதான் இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறது என்று முடிவுகட்டினாள். பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மறுத்தாள். அம்மா காரணம் கேட்டு, கடைசியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பெரியப்பாவிடம் அழைத்துப் போனார்.

பெரியப்பா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அந்தப் படத்தை எடுத்த மாதிரியே இப்ப ஒண்ணு எடும்மா" என்றார். எடுத்தாள். பிறகு அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, ஆறடி தள்ளி நின்று, அதே கைபேசியின் பின்பக்கக் கேமராவில் முகம் அதே அளவு தெரியும்வரை ஜூம் செய்து இன்னொன்று எடுத்தார். இரண்டையும் கணினித் திரையில் அருகருகே வைத்தார்.

"காதைப் பாரு" என்றார்.

மூக்கைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள். காதைப் பார்த்தாள். முதல் படத்தில் காதுகள் கன்னத்துக்குப் பின்னால் போய், தோடு மட்டும் எட்டிப்பார்த்தது. இரண்டாவதில் இரண்டு காதும் முழுதாக இருந்தன. முகமும் அகன்று, மூக்கு அதன் இடத்தில் அடங்கி இருந்தது.

"எது பெரியப்பா நெஜம்?"

"ரெண்டும் நீதான். தூரம்தான் வேற."

கணக்கு எளிது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 செ.மீ. ஆழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைபேசி மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருந்தால், காது 42 செ.மீ. தள்ளி இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாக விழும். அதனால் காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகிறது. ஆறடியில், அதாவது 180 செ.மீ. தூரத்தில், மூக்குக்கு 180, காதுக்கு 192. வித்தியாசம் 7 சதவீதத்துக்குள் சுருங்கிவிடுகிறது. லென்ஸ் மட்டம் என்று பலர் குறைசொல்வார்கள். அது சரியல்ல. விலை உயர்ந்த கேமராவையும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் பிடித்தால் இதே மூக்குதான் வரும். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கக் கேட்டு வருகிறவர்களுக்காக, அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் இதையே கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். ஐந்தடித் தூரத்துப் படத்தோடு ஒப்பிட்டால், ஓரடித் தூரத்துச் செல்ஃபியில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரிகிறது என்றது அவர்கள் கணக்கு.

புருவத்துக்குக் காரணம் வேறு. யாருடைய முகமும் இடமும் வலமும் அச்சாக ஒன்றாக இருக்காது. நாம் தினமும் பல் துலக்கும்போது, பொட்டு வைக்கும்போது பார்த்துப் பழகியது இடவலம் மாறிய முகத்தை. படம் அதைத் திருப்பிப் போடும்போது, பழகிய சின்னக் கோணல்கள் எதிர்ப்பக்கம் போய்த் துருத்துகின்றன. 1977-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளிடம் அவர்கள் படத்தையே இரண்டு விதமாக அச்சிட்டுக் காட்டினார்கள். பெரும்பாலும் மாணவிகளுக்குக் கண்ணாடியில் தெரியும் முகம் பிடித்திருந்தது. அவர்களுடைய தோழிகளுக்கோ நேர்ப்படம் பிடித்திருந்தது. அவரவர் பார்த்துப் பழகியது அவரவருக்குப் பிடித்தது.

பெரியப்பாவிடம் கேட்க முடியாத ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. முகம் தெரியாதவன் போட்ட மார்க்குக்கு என்ன மதிப்பு? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில், பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. நெதர்லாந்தில் பிரபலமான இரண்டு பெண்களின் படங்களை, ஆளுக்கு இருபதாக, நாற்பதையும் கலைத்துப் போட்டு, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்களை அறியாத பிரிட்டிஷ்காரர்களில் பலர் ஒன்பது பேர் இருப்பதாகப் பிரித்து வைத்தார்கள். நெதர்லாந்துக்காரர்கள் சிரமமில்லாமல் இரண்டு அடுக்காக வைத்துவிட்டார்கள். அதே ஆய்வில், பல பேரின் பல படங்களைக் கொடுத்து அழகுக்கு மார்க் போடவும் வைத்தார்கள். ஆளுக்கு ஆள் மார்க் மாறியதைவிட, ஒரே ஆளின் படத்துக்குப் படம் மார்க் அதிகமாக மாறியது.

எனக்கு இது பெரிய செய்தியாகப் படுகிறது. அந்தப் பையன் மார்க் போட்டது ஒரு மாலையில், ஒரு சாண் சொச்சம் தூரத்தில், தம்பி சொன்னதற்குப் பாதிச் சிரிப்பில் இருந்த ஒரு நொடிக்கு. அவளுக்கு அல்ல. அவள் படத்தை வீட்டில் யார் பார்த்தாலும் அந்த நொடியோடு நிற்க மாட்டார்கள். அவள் கோபம், தூக்கம், ஓட்டம் எல்லாம் சேர்ந்த முகத்தைத்தான் அதில் பார்ப்பார்கள். பாசத்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவர்களிடம் இருக்கும் தகவல் அதிகம்.

இதனால் வலி போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கணக்குப் புரிந்த பிறகும் அந்த வரி அவளுக்குச் சில இரவுகள் நினைவுக்கு வந்தது. மூக்கு உண்மையிலேயே பெரிதாக இருந்திருந்தாலும் அவன் செய்தது தவறுதான். இதையும் அம்மா அவளிடம் அழுத்திச் சொன்னார். ஸ்கிரீன்ஷாட்டோடு வகுப்பாசிரியரைப் பார்த்தார்கள். பையன்களின் பெற்றோர் வந்தார்கள்; குழு கலைக்கப்பட்டது. வீட்டில் பேச முடியாத பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

பொங்கல் படத்தை அவள் அழிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது, ஓரத்தில் தம்பியின் கை மங்கலாகத் தெரிந்தது. அவன் அப்போது என்ன சொன்னான் என்பது நினைவுக்கு வந்து சிரித்தாள். ஏறியிருந்த புருவம் அந்தப் பேச்சுக்கு எழுந்த புருவம். அடுத்த வாரம் அடையாள அட்டைக்கு அவளே ஸ்டுடியோவுக்குப் போனாள். அதே குழுவில் இரண்டு மார்க் வாங்கியிருந்த வகுப்புத் தோழியையும் கூட்டிக்கொண்டு போய், "பெரியப்பா, இவளுக்கும் காதைக் காட்டுங்க" என்றாள்.